பிரெஞ்சு மொழி போனில் ‘இடம் இல்லை’ எச்சரிக்கை: எதை முதலில் காலி செய்வது?

புதுச்சேரியில் பல வீடுகளில் பாரிசிலிருந்து பிள்ளைகள் கொடுத்தனுப்பிய போன் இருக்கும், அதுவும் பிரெஞ்சிலேயே இருக்கும். முத்தியால்பேட்டையில் என் பெரியம்மாவின் ஆண்ட்ராய்டு போனும் அப்படித்தான். தினமும் ஒரு சிவப்பு எச்சரிக்கை வரும், அவர் மூடிவிடுவார். அதைச் சரிசெய்த வழி இது.

முதலில் மொழி. பல் சக்கரப் படத்தைத் தொட்டால் Paramètres திறக்கும். பல போன்களில் அதன் அடிப்பகுதியில் Système, அதற்குள் Langues இருக்கும். சாம்சங் என்றால் Gestion globale என்பதற்குள் பாருங்கள். மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதன் எழுத்திலேயே இருப்பதால் ‘தமிழ்’ என்பது கண்ணில் படும். அதைச் சேர்த்து, பட்டியலின் முதலிடத்துக்கு இழுத்துவிடுங்கள். வழி தெரியாமல் நின்றால், இன்னொரு போனில் கூகுள் டிரான்ஸ்லேட் கேமராவைத் திறந்து இந்தத் திரைமேல் பிடியுங்கள். யூடியூப் வீடியோ தேடுவதைவிட இது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் வீடியோவில் வரும் போன் நம் போனாக இருப்பதில்லை.

இப்போது எச்சரிக்கையைப் படியுங்கள். அது இரண்டு வகை, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று போனுக்குள் இடம் தீர்ந்தது. மற்றொன்று கூகுள் கணக்கில் தீர்ந்தது. ‘15 Go’ என்று எங்காவது தெரிந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை. Go என்றால் பிரெஞ்சில் ஜிபி. அந்த இலவச 15 ஜிபி போட்டோக்களுக்கு மட்டுமல்ல, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். நிரம்பினால் புதுப் படம் மேலே ஏறாது, மெயிலும் வராது.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். கூகுள் போட்டோஸில் Libérer de l'espace என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஏற்கனவே மேலே ஏறிய படங்களின் போன் நகலை மட்டும் அழிக்கும். கணக்கில் ஒரு எம்பிகூடக் குறையாது. கணக்கு நிரம்பி பேக்கப் நின்றிருந்தால் புதுப் படங்கள் மேலே ஏறியிருக்காது. அதனால் போனிலும் எதிர்பார்த்த அளவு இடம் கிடைக்காது. ஆகவே முதலில் கணக்கு, பிறகுதான் போன்.

அவசரத்தில் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடாதீர்கள். கூகுள் போட்டோஸில் அது போனிலும் கணக்கிலும் சேர்த்தே அழிக்கும். மேலே ஏறிய படம் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஏறாதது 30 நாள்தான். அதற்குள் மீட்கலாம்.

பெரியம்மாவின் கணக்கை one.google.com/storage என்ற முகவரியில் திறந்து பார்த்தேன். போட்டோக்கள் சுமார் 8 ஜிபி, வாட்ஸ்அப் பேக்கப் 5, மீதி மெயில். அந்த 5 ஜிபியில் பெரும்பகுதி கல்யாண வீடியோக்களும் காலை வணக்க வீடியோக்களும். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், சாட்டுகள், சாட் பேக்கப் என்று போய் வீடியோக்களைச் சேர்க்கும் பொத்தானை அணைத்துவிட்டு, அங்கேயே புதிதாக ஒரு பேக்கப் எடுத்தேன். பழைய பேக்கப் இருந்த இடத்தில் இது வந்ததும் கணக்கில் இடம் கிடைத்தது. வேண்டிய வீடியோக்களை முன்பே பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள், போன் தொலைந்தால் அவை திரும்ப வராது.

அதன்பின் வைஃபையில் வைத்தேன். படங்களின் பேக்கப் முடிந்தது என்று கூகுள் போட்டோஸில் மேலே உள்ள முகப்படத்தைத் தொட்டால் தெரியும். அதை மட்டும் நம்பாமல், வேறொரு கருவியில் photos.google.com திறந்து, பழைய படம் ஒன்றும் நேற்றைய படம் ஒன்றும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே Libérer de l'espace. மொழி மாற்றியிருந்தால் அது தமிழில் இருக்கும், அதே முகப்பட மெனுவில்தான்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் மட்டும் போனிலேயே நின்றுவிடும். அந்த ஃபோல்டர் தானாக மேலே ஏறுவதில்லை, நாம்தான் பேக்கப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை, 15 ஜிபி அதற்குப் போதாது. வாட்ஸ்அப்பின் சேமிப்பகப் பகுதியில் பெரிய ஃபைல்கள் தனியாகத் தெரியும், அங்கிருந்தே அழிப்பது சுலபம்.

பிற்சேர்க்கை: மொழி மாற்றியும் எச்சரிக்கை மெயில் மட்டும் பிரெஞ்சிலேயே வருகிறது என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். போன் மொழி வேறு, கணக்கு மொழி வேறு. myaccount.google.com திறந்து, தனிப்பட்ட தகவல் பகுதியில் மொழியைத் தனியாக மாற்றுங்கள். கடலூரிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து வந்த அரபுப் போனில் முகப்படமே காணோம் என்கிறார். அரபில் திரை இடவலம் திரும்பிவிடும். வலது மூலையில் தேடாமல் இடது மூலையில் பாருங்கள்.