நண்பரின் பணத்தில் ஓடும் பாட்: மாத அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர் ஒருவர் பணம் போடுகிறார், நான் எழுதிய டிரேடிங் பாட் அந்தக் கணக்கை ஓட்டுகிறது. மாதம் முடிந்ததும் என்ன நடந்தது என்று அவருக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறேன். சின்னக் கணக்குதான். ஆனால் அடுத்த மாதம் இன்னும் பணம் போடுவதா, எடுத்துவிடுவதா என்பதை அவர் அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார். என்னை நம்புகிறவர் என்பதால் எண்களைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். ஆகவே அதில் தவறு வந்தால் அதைப் பிடிக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. 1ஆம் தேதி கணக்கில் 1,00,000 இருக்கிறது. 6ஆம் தேதி 1,03,000 வரை ஏறி, 18ஆம் தேதி 92,000க்கு இறங்குகிறது. அன்றே நண்பர் இன்னொரு 50,000 போடுகிறார்; கணக்கு 1,42,000 ஆகிறது. மாதக் கடைசியில் 1,49,100.

கடைசித் தொகையை முதல் தொகையோடு ஒப்பிட்டு 49.1% லாபம் என்று யாரும் வேண்டுமென்றே எழுதமாட்டார்கள். ஆனால் புரோக்கரின் ஏபிஐயிலிருந்து தினசரி மதிப்பை மட்டும் இழுத்துச் சதவீதம் போடும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அதைத்தான் செய்யும், ஏனென்றால் உள்ளே வந்த பணத்தையும் சம்பாதித்த பணத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சரி, 50,000ஐக் கழித்துவிடுகிறோம். மிஞ்சுவது 900 நஷ்டம், அதை 1,00,000ஆல் வகுத்தால் 0.9%. பார்க்கச் சரியாக இருப்பதால் பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆபத்தான இடமாகத் தெரிகிறது. பாட் முதல் பாதியில் 8% இழந்தது, இரண்டாம் பாதியில் 5% ஈட்டியது. அந்த 5% பெரிய தொகையின் மேல் வந்ததால் 8% அடி ஏறக்குறைய மறைந்துபோனது. அந்த நேரத்தில் பணம் வந்தது நண்பரின் முடிவு. பாட்டின் திறமைக்கு அதில் பங்கில்லை.

பாட் எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டுமானால், பணம் உள்ளே வந்த அல்லது வெளியே போன ஒவ்வொரு இடத்திலும் மாதத்தை வெட்டி, துண்டுகளின் விகிதங்களைப் பெருக்க வேண்டும்:

```
segments = [(100000, 92000), (142000, 149100)]
r = 1.0
for start, end in segments:
    r *= end / start
print(round((r - 1) * 100, 2))   # -3.4
```

அதாவது பாட் இந்த மாதம் 3.4% இழந்திருக்கிறது. நண்பரின் கையில் குறைந்தது 900. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். நான் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் பெயர் சொல்லி எழுதுகிறேன். இதற்குப் பணம் போடும் முன்னும் பின்னும் கணக்கின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் தேடினால் கிடைக்காது. பணம் வந்த நிமிடத்திலேயே பதிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, எந்த எண்ணை மதிப்பு என்று எடுக்கிறோம் என்பது. பல டிரேடிங் தளங்கள் பேலன்ஸ், ஈக்விட்டி என்று இரண்டைக் காட்டும். பேலன்ஸில் மூடிய டிரேடுகளின் லாப நஷ்டம் மட்டும் இருக்கும். ஈக்விட்டியில் இன்னும் திறந்திருக்கும் பொசிஷன்களின் இன்றைய நிலையும் சேரும். நம் கணக்கில் கடைசி நாள் பேலன்ஸ் 1,53,400 என்று வைப்போம். அதை வைத்து எழுதினால் நண்பருக்கு 3,400 லாபம். ஈக்விட்டி 1,49,100, வித்தியாசமான 4,300, மூன்று திறந்த பொசிஷன்களில் நஷ்டமாகத் தொங்குகிறது.

ஸ்டாப்-லாஸ் இல்லாத, அல்லது வெகு தூரத்தில் வைத்திருக்கும் பாட்களில் இது திரும்பத் திரும்ப நடக்கும். லாபம் வந்தவற்றை உடனே மூடும், நஷ்டத்தில் இருப்பவற்றை வைத்துக்கொண்டே இருக்கும். மூடிய 31 டிரேடுகளில் 27 லாபம் என்று எழுத முடியும், அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை, ஆனாலும் படிப்பவர் ஏமாந்துபோவார். அடையாளம் எளிது: மாதா மாதம் பேலன்ஸுக்கும் ஈக்விட்டிக்கும் இடைவெளி வளர்ந்துகொண்டே போகும். அந்த இடைவெளியை அறிக்கையில் தனி வரியாக வையுங்கள்.

டிராடவுன், அதாவது உச்சியிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதிலும் அந்த 50,000 விளையாடும். ஈக்விட்டி வரைபடத்தை அப்படியே வரைந்தால் 18ஆம் தேதி கோடு செங்குத்தாக எழுந்து புதிய உச்சத்தைத் தொட்டதாகத் தெரியும். உண்மையில் கணக்கு குழியில்தான் இருக்கிறது. பணப் போக்குவரத்தை நீக்கி, தொடக்கத்தை 100 என்று வைத்துக் குறியீடாக வரைந்தால் 100, 103, 92, 96.6 என்று வரும். உச்சியிலிருந்து அதிகபட்ச இறக்கம் 10.7%. மாதக் கடைசியிலும் உச்சிக்கு 6.2% கீழேதான். மாத முடிவுகளை மட்டும் ஒப்பிட்டால் இந்த 10.7% எங்குமே தெரியாது. ஆனால் நண்பர் கணக்கைத் திறந்து பார்த்துப் பதறிய நாள் அந்த 18ஆம் தேதிதான்.

லாபத்தில் பங்கு என்று பேசிக்கொண்டிருந்தால் இது பணத் தகராறாகவே மாறும். பழைய உச்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு மட்டும் பங்கு என்பது வழக்கமான ஏற்பாடு. அந்த உச்சத்தை 1,03,000 என்று ஸ்கிரிப்டில் விட்டுவைத்தால், நண்பர் போட்ட பணத்திலேயே நான் பங்கு எடுத்தவனாவேன். குறியீடு 103ஐத் தாண்டும்வரை எனக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

எண்களுக்கு வெளியே ஒரு தவறு உண்டு, அதை நானே செய்திருக்கிறேன். ஒரு மாதம் ஏபிஐ டோக்கன் காலாவதியாகி பாட் இரண்டு நாள் நின்றுபோனது. அறிக்கையில், "பாட் ஓடியிருந்தால் அந்த இரண்டு நாளில் 1.8% வந்திருக்கும்" என்று பேக்டெஸ்டிலிருந்து எடுத்து எழுதினேன். நண்பர் மனதில் அந்த மாதத்தின் கணக்கோடு அந்த 1.8% சேர்ந்துவிட்டது, பிறகு பேசும்போதெல்லாம் கூட்டியே சொன்னார். வராத லாபத்தை அறிக்கையில் எழுதியது என் பிழை. நின்ற நேரம், காரணம், இனி அது நடக்காமல் என்ன செய்தேன் என்ற மூன்றும் போதும். மாத நடுவில் அளவுருக்களை மாற்றினாலும் தேதியோடு சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு வேறு பாட்களின் விளைவை ஒன்றாகக் காட்டியதாகிவிடும்.

இந்த மாதிரி மாதத்துக்கு நான் அனுப்பும் அறிக்கையின் தலைப்பகுதி இப்படி இருக்கும்:

"நீ இதுவரை போட்டது 1,50,000. இன்று எல்லாவற்றையும் மூடினால் ஏறக்குறைய 1,49,100 கிடைக்கும், கமிஷன் போக. பாட் இந்த மாதம் 3.4% இழந்தது. நடுவில் உச்சியிலிருந்து 10.7% வரை இறங்கியது, இன்னும் முழுதாக ஏறவில்லை. பழைய உச்சத்தைத் தொட 6.6% வேண்டும். மூன்று பொசிஷன்கள் திறந்திருக்கின்றன, மூன்றும் நஷ்டம், மொத்தம் 4,300. சர்வர் வாடகையை இதில் கழிக்கவில்லை, அது என் செலவு. இந்த மாதம் எனக்குப் பங்கு இல்லை."