நகரத்தின் சனத்தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு? வளர்ச்சி வீதத்திலிருந்து கணிக்கும் முறை

உயர்தர மாணவர்களுக்கு இக்கணக்கை விளக்கியபோது நானே கரும்பலகையில் பிழைவிட்டேன். ஆகவே, பிழை நேர்ந்த இடத்தைச் சற்று விரிவாகவும் ஏனையவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

ஒரு மலையக நகரத்தில் 40,000 பேர் இருந்து, பத்து ஆண்டுகளில் 50,000 ஆனதாக வைத்துக்கொள்வோம். மொத்த அதிகரிப்பு 25 சதவீதம். அதைப் பத்தால் வகுத்து, ஆண்டு வளர்ச்சி 2.5 சதவீதம் என்றும், 70 ஐ 2.5 ஆல் வகுத்து, 28 ஆண்டில் இரட்டிப்பாகும் என்றும் எழுதினேன். "சேர், 40,000 ஐ வருசா வருசம் 1.025 ஆல பெருக்கினா 51,203 வருதே?" என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் தவறு புரிந்தது. ஒவ்வோர் ஆண்டின் அதிகரிப்பும் முந்தைய ஆண்டில் கூடிய தொகையின் மேலேயே சேர்வதால், கூட்டு வட்டியைப் போல, மொத்தச் சதவீதத்தை ஆண்டுகளால் நேரடியாக வகுக்கக் கூடாது.

சரியான வழியில், பிந்திய தொகையை முந்திய தொகையால் வகுத்து, கிடைக்கும் 1.25 இன் இயற்கை மடக்கையை எடுத்து, அதை ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டு வளர்ச்சி வீதம் r வரும். 2 இன் இயற்கை மடக்கையை அந்த r ஆல் வகுத்தால் இரட்டிப்புக் காலம் T வரும்.

```
r = ln(50000/40000) / 10 = 0.0223
T = ln(2) / r = 0.693 / 0.0223 = 31
```

ஆக, விடை 31 ஆண்டு. 70 என்ற எண் இந்த 0.693 ஐ நூறால் பெருக்கி முழுமையாக்கியதே. மனக்கணக்கிற்கு அது போதும். இதற்குக் கணினி விரிதாளைத் திறப்பதைவிட, கைத்தொலைபேசியின் கல்குலேட்டரைக் கிடையாகத் திருப்பினால் தோன்றும் `ln` விசையையே நான் விரும்புகிறேன். அருகிலுள்ள `log` ஐ ஓரிடத்திலும் `ln` ஐ மற்றோரிடத்திலும் அழுத்தினால் விடை முற்றாகப் பிழைக்கும்.

பின்சேர்க்கை: இரு தொகைமதிப்புகளுக்கிடையே எப்போதும் பத்தாண்டு என்று சிலர் எடுத்துக்கொள்கின்றனர். நமது நாட்டில் 2001 தொகைமதிப்பு யூலையிலும் அடுத்தது 2012 மார்ச்சிலும் நடந்தன, இடைவெளி 10.67 ஆண்டு. நுவரெலியா மாவட்டம் இக்காலத்தில் 703,610 இலிருந்து 711,644 ஆனது. கணித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.106 சதவீதமும் இரட்டிப்புக் காலமாக 650 ஆண்டும் வருகின்றன. பத்தாண்டு என்று போட்டிருந்தால் 610 ஆண்டுதான். வீதம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, கொழும்புக்கு வேலைக்குப் போகும் இளைஞர் தொகையில் ஏற்படும் சிறு மாற்றமும் விடையை நூற்றாண்டுக் கணக்கில் நகர்த்திவிடும் என்பதால், அந்த 650 ஐ எதிர்வுகூறலாகக் கொள்ளக் கூடாது.

நகரத்திற்குக் கணிக்கும்போது எல்லையையும் பார்க்க வேண்டும். இங்கே மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வசிப்போரே நகரத்தவராகக் கணக்கிடப்படுகின்றனர். கடைவீதிக்கு அடுத்துள்ள தேயிலைத் தோட்டத்து லயன்கள் பெருந்தோட்டத் துறையில் சேர்கின்றன. இரு தொகைமதிப்புகளுக்கிடையே எல்லை விரிந்து ஒரு தோட்டம் உள்ளே வந்திருந்தால், ஒருவரும் புதிதாகக் குடியேறாமலே வீதம் உயர்ந்து தெரியும். அப்போது, புதிய எல்லைக்குள் அடங்கும் கிராம சேவகர் பிரிவுகளின் பழைய தொகையையும் கூட்டிய பின்னரே முதல் வகுத்தலைச் செய்ய வேண்டும்.