இரும்பு(III) உப்புக் கரைசலின் அமிலத்தன்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் நீல லிட்மஸைச் சிவப்பாக்குவது ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் எழுதப்படும் சமன்பாடு இது:

Fe³⁺ + 3H₂O → Fe(OH)₃ + 3H⁺

அணுக்களும் மின்சுமையும் சமன்பட்டிருப்பதால் இது சரியெனத் தோன்றுகிறது. ஆனால் 0.1 M கரைசலில் இவ்வினை முழுமையாக நடந்தால் pH ஏறத்தாழ 0.5 ஆக இருக்க வேண்டும். இரும்பு முழுவதும் பழுப்பு வீழ்படிவாக இறங்கியிருக்கவும் வேண்டும். புதிதாகத் தயாரித்த கரைசலோ தெளிவாகவே இருக்கிறது. அங்கே நடப்பது ஒரு மீள்வினை:

[Fe(H₂O)₆]³⁺ + H₂O ⇌ [Fe(H₂O)₅(OH)]²⁺ + H₃O⁺

இதன் Ka சுமார் 6 × 10⁻³. 0.1 M கரைசலுக்கு x²/(0.1 − x) = 6 × 10⁻³ என எழுதித் தீர்த்தால் x = 0.022, அதாவது pH சுமார் 1.7. அயனிகளுக்கிடையேயான கவர்ச்சியையும் அடுத்த படிகளையும் கணக்கில் சேர்த்தால் இம்மதிப்பு சற்று மாறும். ஐந்தில் ஒரு பங்கு அயனிகள் புரோட்டானை இழந்துவிடுவதால், வலுக்குறைந்த அமிலங்களுக்குச் செய்வதுபோல பகுதியிலுள்ள x-ஐ இங்கே புறக்கணிக்கக் கூடாது.

வெளியேறும் புரோட்டான் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அடுத்த குழப்பம். அது இரும்போடு ஆக்சிஜன் வழியாகப் பிணைந்துள்ள ஆறு நீர் மூலக்கூறுகளில் ஒன்றிலிருந்து வருகிறது. சுற்றியுள்ள கரைப்பான் நீர் அதை ஏற்றுக்கொள்கிறது. சிறிய ஆரமும் +3 மின்சுமையும் கொண்ட இரும்பு அயனி ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் ஈர்ப்பதால் O–H பிணைப்பு தளர்கிறது. மின்சுமை குறைந்த, ஆரம் கூடிய Fe²⁺ அயனியில் இந்த ஈர்ப்பு மிகக் குறைவு. அதன் pKa 9.5-ஐ ஒட்டியது, Fe³⁺-க்கோ 2.2 மட்டுமே.

குளோரைடு நீருடன் வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தருவதாகச் சொல்வதும் தவறு. குளோரைடே இல்லாத இரும்பு(III) நைட்ரேட் கரைசலும் இதே காரணத்தால் அமிலத்தன்மை உடையதாக இருக்கிறது.

ஆய்வகத்தில் செய்யப்படும் பிழை இதன் தொடர்ச்சியே. கரைசலிலுள்ள அமிலத்தை ஏதோ மாசு என்று கருதி, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நடுநிலையாக்க முயல்கிறார்கள். H₃O⁺ நீங்க நீங்கச் சமநிலை வலப்பக்கம் நகர்கிறது. அடுத்தடுத்த நீர் மூலக்கூறுகளும் புரோட்டானை இழக்க, கரைசல் கருத்து, பழுப்பு வீழ்படிவு பிரிகிறது. முதலில் எழுதிய சமன்பாட்டுக்குப் பொருத்தமான இடம் இதுதான். சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் இரும்பு(III) கார்பனேட் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் பலிக்காது: கார்பன் டைஆக்சைடு நுரைத்து வெளியேறும், கீழே படிவது ஹைட்ராக்சைடுதான். தெளிந்த கரைசல் வேண்டுமெனில் குளோரைடை வெறும் நீரில் அல்லாமல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள H₃O⁺ நீராற்பகுப்பைப் பின்னோக்கித் தள்ளும்.