தொழிற்சாலைக்கு முன் ஒரு சந்தை ஆய்வு: அதன் மதிப்பைக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பகுதியில் ஏஏசி பிளாக் எனப்படும் எடை குறைந்த கட்டுமானக் கற்களைத் தயாரிக்கும் ஆலை ஒன்றை நிறுவ ஒருவர் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருளான நிலக்கரிச் சாம்பல் மேட்டூர் அனல் மின்நிலையத்திலிருந்து கிடைக்கும். ஆனால் இந்தக் கல் இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால் லாரி வாடகை விரைவில் லாபத்தை விழுங்கிவிடும். எனவே சுற்றுவட்டாரத்துக் கட்டடக்காரர்கள் செங்கல்லை விட்டு இதற்கு மாறுவார்களா என்பதே ஆலையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். முதலீடு 10 கோடி ரூபாய். தேவை வலுவாக இருந்தால் பிற்கால வரவுகளின் இன்றைய மதிப்பு 18 கோடி, நலிவாக இருந்தால் இயந்திரங்களை விற்றுக் கிடைப்பதையும் சேர்த்து 4 கோடி என்று கொள்வோம். அதாவது நிகர தற்கால மதிப்பு ஒரு நிலையில் +8 கோடி, மற்றொன்றில் −6 கோடி. வலுவான தேவைக்கான வாய்ப்பு 60 விழுக்காடு. இந்தத் தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஆய்வு இல்லாமல் ஆலையைக் கட்டினால், எதிர்பார்க்கும் நிகர தற்கால மதிப்பு 0.6 × 8 − 0.4 × 6 = 2.4 கோடி. இது பூச்சியத்தைவிட அதிகம். ஆகவே ஆய்வே இல்லாவிட்டாலும் கட்டுவதுதான் சரியான முடிவு. இந்த 2.4 கோடியை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் முதல் தவறு இதை மறப்பதிலிருந்தே தொடங்குகிறது.

இப்போது ஒரு ஆய்வு நிறுவனம் 25 லட்சம் ரூபாய் கேட்கிறது. தேவை உண்மையில் வலுவாக இருந்தால் அதன் அறிக்கை 100க்கு 90 முறை சாதகமாக வரும். நலிவாக இருந்தால் 100க்கு 70 முறை பாதகமாக வரும். இதே போன்ற 100 திட்டங்களைக் கற்பனை செய்தால் கணக்கு எளிதாகும். வலுவான 60 திட்டங்களில் 54க்குச் சாதகமான அறிக்கையும் 6க்குப் பாதகமான அறிக்கையும் வரும். நலிவான 40 திட்டங்களில் 12 தவறாகச் சாதகம் என்று தேறிவிடும், 28 சரியாகத் தடுக்கப்படும். சாதகம் என்று வந்தால் கட்டுகிறோம், பாதகம் என்று வந்தால் கைவிடுகிறோம். ஆகவே ஒரு திட்டத்துக்கான எதிர்பார்ப்பு 0.54 × 8 − 0.12 × 6 = 3.6 கோடி.

இந்த 3.6 கோடியை ஆய்வின் மதிப்பு என்று எழுதிவிடுவதுதான் அந்த முதல் தவறு. ஆய்வு இல்லாமலே 2.4 கோடி நம் கையில் இருந்தது. ஆய்வு கூட்டித் தந்தது 1.2 கோடி மட்டுமே. இதன் மறுபக்கமும் உண்டு. வலுவான தேவைக்கான வாய்ப்பு 30 விழுக்காடுதான் என்றால், ஆய்வின்றிக் கட்டுவதன் எதிர்பார்ப்பு −1.8 கோடி. அப்போது ஒப்பிட வேண்டிய எண் −1.8 அல்ல, பூச்சியம். ஏனெனில் ஆய்வு இல்லாதபோது நாம் கட்டப்போவதே இல்லை. அந்த நிலையில் ஆய்வுடன் கிடைக்கும் எதிர்பார்ப்பு 0.27 × 8 − 0.21 × 6 = 0.9 கோடி, ஆய்வின் மதிப்பும் அதுவே. கைவிட்டிருக்கக்கூடிய நல்ல திட்டத்தை மீட்டுத் தருவதும் ஆய்வின் பணி என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது தவறு, ஆய்வு கொஞ்சமேனும் பயன்படும் என்று பொதுவாக நம்புவது. இரு நிலைகளிலும் 60 விழுக்காடு மட்டுமே சரியாகச் சொல்லும் மலிவான ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதகமான அறிக்கை பெறும் 48 திட்டங்களில் 24 வலுவானவை, 24 நலிவானவை. சரிபாதி வாய்ப்பில் 8 கோடி லாபமும் 6 கோடி நட்டமும் என்றால், பாதகமான அறிக்கைக்குப் பிறகும் எதிர்பார்ப்பு +1 கோடி. ஆகவே அப்போதும் கட்டுவதே சரி. எந்த அறிக்கை வந்தாலும் முடிவு மாறாது என்றால் அந்த ஆய்வின் மதிப்பு பூச்சியம், இலவசமாகக் கிடைத்தாலும்கூட. உரிமையாளர் எப்படியும் கட்டுவது என்று தீர்மானித்துவிட்டு வங்கிக் கடனுக்காக மட்டும் அறிக்கை வாங்கும்போதும் நடப்பது இதுதான். அது கடனுக்கான செலவு. திட்டத்தின் மதிப்பை அது கூட்டுவதில்லை.

ஆய்வுகளிலேயே மிகச் சிறந்தது எவ்வளவு பெறும் என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்வது இங்கே உதவும். ஒருபோதும் தவறாத ஆய்வு இருந்தால் எதிர்பார்ப்பு 0.6 × 8 = 4.8 கோடி, ஆகவே எந்த ஆய்வுக்கும் 2.4 கோடிக்கு மேல் கொடுப்பதில் பொருளில்லை.

நான் மிக முக்கியமாகக் கருதும் தவறு, ஆய்வின் நம்பகத்தன்மையைப் புரிந்துகொள்வதில் நேர்கிறது. தேவை வலுவாக இருக்கும்போது 90 விழுக்காடு சாதகமாக வரும் என்பதை, சாதகமாக வந்தால் 90 விழுக்காடு வெற்றி என்று தலைகீழாக வாசித்துவிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் சாதகமான 66 அறிக்கைகளில் 54தான் வலுவானவை, அதாவது சுமார் 82 விழுக்காடு. தொடக்க வாய்ப்பு 30 விழுக்காடாக இருந்தால், அதே ஆய்வின் சாதகமான 48 அறிக்கைகளில் 27 மட்டுமே வலுவானவை. அது சுமார் 56 விழுக்காடு. ஆகவே ஒரு நிறுவனம் தான் பரிந்துரைத்தவற்றில் பெரும்பாலானவை வென்றன என்று பட்டியல் காட்டினால், அந்த விகிதம் அந்தத் திட்டங்களின் தொடக்க வாய்ப்பையும் சேர்த்துக்கொண்ட எண். வேறு தொழிலுக்கு அதை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. மேலும், பாதகம் என்று சொல்லப்பட்டவை பெரும்பாலும் கட்டப்படாமலே போவதால், தவறாகத் தடுக்கப்பட்ட நல்ல திட்டங்கள் எத்தனை என்பது எந்தப் பட்டியலிலும் தெரியாது.

எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதும் நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது. 1985இல் கோகோ கோலா நிறுவனம் ஏறத்தாழ 2 லட்சம் சுவைச் சோதனைகளுக்குப் பிறகு தன் பானத்தின் கலவையை மாற்றியது; மக்களின் எதிர்ப்பால் மூன்று மாதங்களுக்குள் பழைய பானத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. சுவை பிடிக்கிறதா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், பழையதை இழக்கச் சம்மதமா என்ற கேள்விக்கான பதிலாக இருக்கவில்லை. நம் ஆலைக்கும் அப்படித்தான்: புதிய கல்லை வாங்குவீர்களா என்று கேட்டால் கட்டடக்காரர் தயங்காமல் ஆம் என்பார். சென்ற ஆண்டு எத்தனை லோடு செங்கல் வாங்கினார், எந்த விலையில், எத்தனை நாள் கடனில், அவருடைய கொத்தனார்கள் புதிய கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டால்தான் பதிலுக்கு எடை கூடும்.

கடைசியாகச் செலவைப் பார்ப்போம். 25 லட்சம் கட்டணத்தை, ஆலையைக் கட்டும் நிலைக்கான கணக்கில் மட்டும் கழிப்பது தவறு. கைவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். ஆனால் அறிக்கை வந்த பிறகு, கட்டலாமா என்ற முடிவில் அந்தத் தொகையைச் சேர்ப்பதும் தவறு, ஏனெனில் இரு வழியிலும் அது ஏற்கெனவே செலவாகிவிட்டது. காலத்துக்கும் விலை உண்டு. ஆய்வு ஆறு மாதம் எடுத்து, பிற்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதம் ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றால், 3.6 கோடி இன்றைய மதிப்பில் சுமார் 3.4 கோடியாகும். கட்டணத்தையும் கழித்தால் 3.15 கோடி, 2.4 கோடியோடு ஒப்பிட்டால் ஆதாயம் 1.2 கோடியாக அல்லாமல் 75 லட்சமாகச் சுருங்குகிறது. அந்த ஆறு மாதத்தில் போட்டியாளர் ஒருவர் முந்திக்கொண்டு, வலுவான தேவையின் பலன் 8 கோடியிலிருந்து 7 கோடியாகக் குறைந்தால் ஆதாயம் சுமார் 24 லட்சம் மட்டுமே. அது 6.5 கோடியாகக் குறைந்தால் ஆய்வுடன் கிடைப்பது ஏறத்தாழ 2.39 கோடி, அப்போது ஆய்வைத் தவிர்த்து உடனே கட்டத் தொடங்குவதே மேல்.