நாற்பது மணி நேரப் பதிவும் ஒரு முதுகெலும்பும்: காகிதத் தொகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணப்படத்துக்கான 40 மணி நேரப் பதிவு கைக்கு வந்தவுடன், எடிட்டிங் மென்பொருளைத் திறந்து பிடித்த துண்டுகளை டைம்லைனில் அடுக்கத் தொடங்குவதே பலரும் செய்யும் முதல் தவறு. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும், முழுவதையும் ஒரு முறை பார்க்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தைத் தவிர்ப்பவர்கள் முதல் இரண்டு நாள் பதிவில் கண்டதையே படமாக நம்பிவிடுகிறார்கள். முதலில் எல்லாவற்றையும் பார்த்து, பேச்சை எழுத்தாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் கேமராவின் மெமரி கார்டு எண்ணையும், பதிவில் அது வரும் நேரக்குறியான டைம்கோடையும் குறித்த பிறகே காகிதத்தில் தொகுக்க வேண்டும், அதாவது எந்தப் பகுதிக்குப் பின் எது வரும் என்ற வரிசையை எழுத்திலேயே அமைக்க வேண்டும். கார்டு எண்ணை விட்டுவிட்டு 01:14:22:08 என்று மட்டும் குறித்தால், கார்டுதோறும் டைம்கோடு மறுபடி தொடங்கும் கேமராவில் அதே நேரக்குறி பல இடங்களில் வந்து நிற்கும்.

அடுத்த தவறு, தலைப்பை முதுகெலும்பாக எண்ணிக்கொள்வது. பார்வை மங்கிவரும் முதிய படகுத் தச்சர் ஒருவரைப் பற்றிய படத்தை எடுத்துக்கொள்வோம். ‘அழிந்துவரும் படகுக் கலை’ என்பது தலைப்பு மட்டுமே. அதன் கீழ் மரத்தின் வகைகள், கருவிகள், பழைய நாட்கள், குடும்பம் என்று பேச்சுகளைப் பிரித்து, பகுதிக்கு ஓர் அட்டையாக எழுதிச் சுவரில் அடுக்கினால், எந்த இரண்டு அட்டைகளை இடம் மாற்றினாலும் படத்துக்கு எதுவும் ஆகாது. முதுகெலும்பு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். மாறாக, ‘கடைசிப் படகைத் தன் கையாலேயே முடிக்க நினைக்கும் தச்சர், மகளின் உதவியை ஏற்பாரா?’ என்ற கேள்வியை எழுதிச் சுவரில் ஒட்டினால் வரிசை தானாகத் தெரியத் தொடங்கும். அளவு தவறி அறுத்த பலகை, மகள் நீட்டிய கையை அவர் தட்டிவிடும் காலை, இரவில் தனியே வேலை செய்வது, இறுதியில் சுண்ணக்கட்டி பூசிய கயிற்றின் மறுமுனையை மகள் பிடிப்பது ஆகியவற்றில் ஒன்று நடந்திருக்காவிட்டால் அடுத்ததற்குப் பொருளே இல்லை. மூன்று மணி நேரம் ஓடும் படகு வரலாற்றுப் பேச்சிலிருந்து, அவர் ஏன் பிறர் கையை நம்புவதில்லை என்று விளக்கும் ஒரு பதில் மட்டும் போதும்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, எழுத்தாக்கிய பேச்சை மட்டும் வைத்துத் தொகுப்பது. காகிதத்தில் சொல்தான் தெரியும், குரல் தெரியாது. ‘எனக்குப் பயமில்லை’ என்று தச்சர் சொல்லும் வரி தாளில் உறுதியாக ஒலிக்கும். பதிவைப் பார்த்தால், கேள்விக்குப் பிறகு நான்கு விநாடி மௌனம், கண்கள் தன் கையை நோக்கித் தாழ்கின்றன, அதன் பிறகே அந்தச் சொல் வருகிறது. இரண்டும் வெவ்வேறு காட்சிகள். ஆகவே அந்த மௌனத்தையும் பார்வையையும் வரியோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். பேச்சே இல்லாத காட்சிகளின் நிலை இன்னும் மோசம்: அவர் பலகை இணைப்பைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பார்க்கும் 40 விநாடிகள் எந்த எழுத்தாக்கத்திலும் இடம்பெறாது, படத்தின் மையமோ அதுதான். இதைத் தடுக்க, தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் படத்தையும் வலப்பக்கம் ஒலியையும் எழுதுங்கள். வலப்பக்கம் மட்டுமே பக்கம் பக்கமாக நிரம்பினால், கையில் இருப்பது வானொலி நிகழ்ச்சிக்கான வரைவு.

காகிதத்தில் வாக்கியங்களை வெட்டி ஒட்டுவது மிக எளிது என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘எனக்கு இங்கேயே இருக்க ஆசை இருந்தது, அப்போது அம்மா உயிரோடு இருந்தார்’ என்று மகள் சொன்னதில் முன்பாதியை மட்டும் எடுத்து, அப்பாவின் தொழிலைப் பற்றிய பேச்சோடு ஒட்டினால், அவர் சொல்லாத ஒன்றை நாம் சொல்லவைக்கிறோம். இது நேர்மையற்றது, ஒலியிலும் பிடிபட்டுவிடும், ஏனெனில் வாக்கியம் முடியும் இடத்தில் தாழ வேண்டிய குரல் அந்தரத்தில் நிற்கும். பேச்சைச் சுருக்கும்போதெல்லாம் முழுப் பதிலையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பொருள் மாறவில்லையா என்று ஒப்பிட வேண்டும்.

நீளத்தைப் பக்கக் கணக்கில் மதிப்பிடுவதும் ஏமாற்றும். வரைவை அவரவர் பேசிய வேகத்தில் வாய்விட்டுப் படித்து, மௌனக் காட்சிகளுக்கான நேரத்தையும் கூட்டுங்கள். ஒரு மணி நேரப் படத்துக்குக் காகிதத் தொகுப்பு 90 நிமிடம் வந்தால் கவலையில்லை. மூன்று மணி நேரம் வந்தால், நறுக்கத் தொடங்கும் முன் சுவரில் ஒட்டிய கேள்விக்குத் திரும்புங்கள், ஏனெனில் அநேகமாக இரண்டு படங்கள் அங்கே கலந்திருக்கும். சரியான நீளத்துக்கு வந்ததும் அதை அப்படியே டைம்லைனில் போட்டு, தாளை மூடிவைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். மனம் எங்கே விலகுகிறதோ அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, அது இல்லாமல் மறுபடி பார்க்க வேண்டும்.