பெங்களூருக்கு வருகிறீர்களா? முடி நிறம் மங்கினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வெளிநாட்டில் நல்ல காசு கொடுத்து முடிக்கு நிறம் போட்டுக்கொண்டு விடுமுறைக்கு பெங்களூர் வருகிறவர்கள், ரெண்டு மூணு வாரத்தில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து சொல்வது ஒன்றுதான்: “கலர் போய்விட்டது, மறுபடி டோனர் போடுங்கள்.” பாதிப் பேருக்கு நிறம் போகவே இல்லை. நிறம் உள்ளேயே இருக்கிறது, அதன் மேல் தண்ணீரின் உப்பு படிந்திருக்கிறது. அந்த உப்பை எடுக்காமல் மேலே டோனர், அதாவது சாயலைச் சரிசெய்யும் பூச்சு, போட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதனால் நிறம் போடும் வேலையில் இருக்கிறவளாக, நீங்கள் பெட்டி கட்டும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நீங்கள் தங்கப்போகும் வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். அல்சூர், ஜெயநகர் போன்ற பழைய பகுதிகளில் பெரும்பாலும் குழாயில் காவிரி வரும், அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீரை விட எவ்வளவோ மென்மையானது. சர்ஜாபூர் ரோடு, ஒயிட்பீல்டு பக்கம் அடுக்குமாடிகளில் காலங்காலமாக போர், இல்லையென்றால் டேங்கர், அந்த டேங்கரும் எங்கோ ஒரு போரில் நிரப்பியதுதான். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிய பிறகு புறநகருக்கும் குழாய் போகிறது, ஆனால் “எங்களுக்குக் காவிரி வந்துவிட்டது” என்று அத்தை சொன்னாலும் பல கட்டடங்களில் தரையடித் தொட்டியான சம்பில் போர் தண்ணீரும் சேர்ந்தேதான் மேலே ஏறுகிறது. அத்தையைக் கேட்பதை விட பாத்ரூமைப் பாருங்கள். ஷவர் துளைகளில் வெள்ளைப் பொருக்கு, கண்ணாடித் தடுப்பில் துடைத்தாலும் போகாத புள்ளிகள், சோப்பு நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி மிதப்பது, இவை இருந்தால் அது கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள கடின நீர். வாளியின் உள்பக்கம் பழுப்பு நிறக் கறை இருந்தால் இரும்பும் இருக்கிறது, நிறம் போட்ட முடிக்கு அது இன்னும் கெடுதல்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி. மெல்போர்ன் மாதிரி மிக மென்மையான தண்ணீர் உள்ள ஊரிலிருந்து வருகிறவரின் முடிக்கு 200 என்பதே பெரிய மாற்றம். லண்டன் தண்ணீர் ஏற்கெனவே கடினம் என்பதால் அங்கிருந்து வருகிறவர்களுக்கு வித்தியாசம் குறைவாகத் தெரியும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆர்ஓ மெக்கானிக் பையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது, கரைந்திருக்கும் எல்லா உப்பையும் கூட்டித்தான் சொல்லும். கட்டடத்தில் சாஃப்ட்னர் இருந்தால் கால்சியம் போய் அந்த இடத்தில் சோடியம் வந்திருக்கும், மீட்டர் எண் குறையாது, ஆனால் முடிக்கு அந்தத் தண்ணீர் பரவாயில்லை. கடினத்தன்மை பார்க்கும் காகிதப் பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது, அதை நனைத்தால் விஷயம் முடிந்தது.

முடிக்கு என்ன நடக்கிறது என்றால், முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உள்ள இடங்கள் இருக்கின்றன, கால்சியம், மெக்னீசியம், இரும்பு, செம்பு எல்லாம் நேர்மின்னேற்றம் உள்ளவை, அதனால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ப்ளீச் செய்த முடியில் இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் அதிகம், ஹைலைட் போட்ட இழைகள் முதலில் கெடுவது அதனால்தான். கால்சியம் படிந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி வெளிச்சம் சிதறும், பழுப்பு நிறம் சாம்பல் பூத்த மாதிரி மங்கும், சிவப்பு தன் பளிச்சை இழக்கும். இரும்பு வெளிர் முடியை மஞ்சளும் ஆரஞ்சுமாக ஆக்கும். செம்பு பச்சைச் சாயல் தரும், செம்புக் குழாயும் நீச்சல் குளமும் உள்ள இடங்களில் இதைப் பார்க்கலாம்.

சரி, உப்புப் படிவா, உண்மையிலேயே நிறம் வெளுத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெயிலிலும் நிறம் வெளுக்கும், டோனர் தானாகவே சில வாரத்தில் கரையும், அதனால் ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பின்கழுத்துப் பக்கம் நிறம் போட்ட முடியில் பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றை எடுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கால் டீஸ்பூன் எடுத்து ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் கரையுங்கள். ஷாம்பு போட்டு அலசிய அந்தக் கற்றையை மட்டும் அதில் மூன்று நிமிடம் ஊறவைத்து, கேன் தண்ணீரிலேயே அலசி, காயவிட்டு, பக்கத்துக் கற்றையோடு ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மென்மையும் பளபளப்பும் திரும்பி, நிறமும் தெளிந்திருந்தால் அது உப்புதான். ஒரு மாற்றமும் இல்லையென்றால் பெரும்பாலும் நிறமே வெளுத்திருக்கிறது, சில சமயம் பிடிவாதமான இரும்பாகவும் இருக்கலாம். போர் தண்ணீரில் கரைத்தால் இந்தச் சோதனை சரியாக வேலை செய்யாது, தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டே அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அடுத்து ஷாம்பு. இங்கேதான் நிறையப் பேர் தவறான பாட்டிலை வாங்குகிறார்கள். கிளாரிஃபையிங் ஷாம்பு என்பது வலுவான நுரைப்பொருள் உள்ளது, எண்ணெய், சிலிகான், ஸ்ப்ரே மிச்சம் எல்லாவற்றையும் கழுவும். உப்பை எடுப்பது வேறு வேலை, அதற்கு உலோகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் பொருள் வேண்டும், அந்த வகைக்கு கீலேட்டிங் ஷாம்பு என்று பெயர். பாட்டிலின் பின்பக்கம் டெட்ராசோடியம் ஈடிடிஏ, சோடியம் குளுகோனேட், ஃபைட்டிக் ஆசிட் இவற்றில் ஒன்று பட்டியலின் முன்பகுதியில் இருக்கிறதா பாருங்கள். ஈடிடிஏ கடைசி வரியில் இருந்தால் அது ஷாம்பு கெடாமலிருக்கச் சேர்த்த சொட்டு, உங்கள் முடிக்கு அதனால் பயன் இல்லை. கிளாரிஃபையிங் என்று எழுதியும் உள்ளே கீலேட்டர் உள்ளவை உண்டு, அதனால் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கம் படியுங்கள். ஊதா ஷாம்பு மஞ்சளை மறைக்கும், உப்பை எடுக்காது. பேக்கிங் சோடா தயவுசெய்து வேண்டாம், அது காரம், முடியின் செதில்களைத் திறந்து நிறத்தையும் வெளியே விடும்.

ஒரு வாடிக்கையாளர் விஷயத்தைச் சொல்கிறேன், அதிலேயே முறை முழுவதும் இருக்கிறது. மெல்போர்னிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு வந்த பெண், பழுப்பு முடியில் சாம்பல் சாயல் ஹைலைட், தங்கியது சர்ஜாபூர் ரோட்டில் டேங்கர் தண்ணீர் வரும் அடுக்குமாடி. மூன்றாவது வாரம் ஹைலைட் எல்லாம் மஞ்சள், நுனி காய்ந்த நார் போல, சீப்பு இறங்கவில்லை. போதாததற்கு வீட்டில் பெரியம்மா வாரம் இருமுறை தேங்காய் எண்ணெய் வைத்து, குளிக்கும் சோப்பால் அலசிவிட்டிருக்கிறார். சோப்பும் கால்சியமும் சேர்ந்தால் கரையாத பிசுக்காகி முடியிலேயே தங்கும். ஷாம்புவோ சீயக்காயோ அப்படிப் பிசுக்காகாது, ஆனால் சீயக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருக்கும் என்பதால் வெளிர் ஹைலைட்டுக்கு அதையும் நான் சொல்லமாட்டேன்.

அவருக்குக் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. முதலில் கிளாரிஃபையிங் ஷாம்பு ஒருமுறை, ஏனென்றால் எண்ணெய்ப் படலம் மேலே இருக்கும்போது கீலேட்டர் உப்பைத் தொடவே முடியாது. பிறகு கீலேட்டிங் ஷாம்பு, நன்றாக நனைந்த முடியில் நடுவிலிருந்து நுனி வரை தடவி ஐந்து நிமிடம் விட்டு, தேய்க்காமல் விரலால் கோதி அலசினோம், அதையே இன்னொரு முறை. கடைசி அலசலுக்கு இரண்டு லிட்டர் கேன் தண்ணீர். இதை விட்டுவிட்டால் எடுத்த உப்பில் கொஞ்சம் அந்த அலசலிலேயே திரும்பி ஏறிவிடும். முடி அப்போது கிரீச்சென்று இருக்கும், அது சுத்தமானதன் அறிகுறி, அப்படியே விட்டால் சிக்கு விழும், அதனால் கனமான கண்டிஷனர் ஐந்து நிமிடம் வைத்தோம்.

முதல் தடவையிலேயே பளபளப்பு வந்துவிட்டது, மஞ்சள் பாதிதான் குறைந்தது. நான்கு நாள் விட்டு மறுபடி ஒருமுறை. அதன்பின் மிஞ்சிய மஞ்சள் உண்மையான டோனர் கரைவு, அதற்கு மட்டும் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு லேசான டோனர் போட்டோம், சமமாகப் பிடித்தது. வேறொரு இடத்தில் அவருக்கு முதல் நாளே மறுபடி ப்ளீச் செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். உப்பு, அதிலும் செம்பும் இரும்பும் உள்ள முடியில் பெராக்சைடு பட்டால் கட்டுக்கடங்காமல் வினை நடக்கும், முடி சூடாகும், அறுந்தும் போகும். இந்த ஊரில் பல வாரம் குளித்த பிறகு ப்ளீச் செய்வதானால், உதிர்ந்த சில இழைகளை சில சொட்டு அமோனியா கலந்த பெராக்சைடு டெவலப்பரில் அரைமணி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சூடானாலோ பொங்கினாலோ அன்று வேண்டாம்.

தங்கியிருக்கும் காலத்துக்கு இவ்வளவுதான்: போர் தண்ணீர் வீட்டில் கீலேட்டிங் ஷாம்பு பத்து நாளுக்கு ஒருமுறை, காவிரி வீட்டில் பெரும்பாலும் கிளம்பும் முன் ஒருமுறை. அடிக்கடி போட்டால் நிறத்தையும் வறட்டும். ஒவ்வொரு குளியலிலும் கடைசி ஒரு லிட்டர் கேன் தண்ணீராக இருந்தாலே படிவு வெகுவாகக் குறையும், இருபது லிட்டர் கேன் முடிக்கு மட்டும் என்றால் நிறைய நாள் வரும். கேன் இல்லையென்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் வெள்ளையை விட்டு மேலே உள்ளதை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம், கொதித்தால் படிந்துவிடும் தற்காலிகக் கடினத்தன்மை குறையும், கொதித்தாலும் கரைந்தே நிற்கும் நிரந்தரமானது போகாது. ஷவர் வாயில் மாட்டும் சின்ன ஃபில்டர்களில் பெரும்பாலானவை குளோரினைத்தான் குறைக்கும், கடினத்தன்மையை எடுக்காது.

புதிதாக நிறம் போட்டு மூன்று நாளுக்குள் எந்தக் கிளாரிஃபையிங்கும் வேண்டாம். நீலம், இளஞ்சிவப்பு, ஊதா போன்ற தற்காலிக நிறங்கள் மேற்பரப்பிலேயே உட்காருபவை, கீலேட்டிங் ஷாம்பு உப்போடு அவற்றையும் இழுத்துவிடும், அந்த மாதிரி நிறம் உள்ளவர்கள் கேன் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருதாணி வைத்த முடியிலும் முதலில் ஒரு கற்றையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கீலேட்டிங் ஷாம்புவை உங்கள் ஊரிலேயே வாங்கி செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். திரும்பிப் போன முதல் வாரத்தில், மென்மையான தண்ணீர் உள்ள ஊரென்றால், அதே ஷாம்புவை ஒருமுறை போட்டு அலசுங்கள். அதற்குப் பிறகும் நிறம் தட்டையாகத் தெரிந்தால்தான் உங்கள் சலூனில் நேரம் வாங்க வேண்டும், அப்போது பல வாரம் போர் தண்ணீரில் குளித்ததை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.