வயரை வெட்டினாலும் கத்தும் அலாரம்: சைரன், டேம்பர் லூப், பேட்டரி

வெளிச்சுவரில் சைரன் இருந்தால் திருடன் அதன் வயரை வெட்டலாம், இல்லையென்றால் மெயினை அணைக்கலாம். இரண்டையும் சமாளிக்கிற மாதிரி அலாரம் பேனலைக் கட்டுவோம். 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும் சைரனும் 5 வோல்ட் ஆர்டுயினோவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சைரன். ஆர்டுயினோவின் அவுட்புட் பின் 1 ஆம்பியரைத் தாங்காது, நடுவில் IRLZ44N மாஸ்ஃபெட் வேண்டும். சைரனின் பாசிட்டிவ் 12 வோல்ட்டுக்கு, நெகட்டிவ் டிரெயினுக்கு, சோர்ஸ் கிரவுண்டுக்கு. பின்னிலிருந்து கேட்டுக்கு 100 ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இந்த 10 கிலோ ஓமை விட்டுவிட்டால் ஆர்டுயினோ ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் கேட் மிதந்து சைரன் சும்மாவே கத்தலாம். IRF540 போட்டால் 5 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காது, சூடாகலாம். சைரனுக்குக் குறுக்கே 1N4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம்.

அடுத்து டேம்பர் லூப், அதாவது யாராவது கேபிளிலோ சைரன் பெட்டியிலோ கைவைத்தால் காட்டிக்கொடுக்கும் வயர். சைரனுக்கு நான்கு கோர் கேபிள் இழுங்கள்: இரண்டு சைரனுக்கு, இரண்டு லூப்புக்கு. பேனலில் 5 வோல்ட்டிலிருந்து A0-வுக்கு 4.7 கிலோ ஓம். லூப்பின் ஒரு வயர் A0-வுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. அதே மதிப்புள்ள இன்னொரு ரெசிஸ்டரை, மூடி திறந்தால் துண்டிக்கும் சுவிட்சோடு தொடராக, சைரன் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அதைப் பேனலில் வைத்தால் கேபிளின் இரண்டு லூப் வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போகிறவனைக் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் A0-வில் 2.5 வோல்ட், அதாவது சுமார் 512. வெட்டினாலோ மூடியைத் திறந்தாலோ 1023 பக்கம் போகும், ஷார்ட் செய்தால் 0.

```
int v = analogRead(A0);
bool tamper = (v < 400 || v > 620);
```

அரை விநாடி தொடர்ந்து `tamper` உண்மையாக இருந்தால் மட்டும் அலாரம் அடிக்கட்டும், அலாரம் ஆஃபில் இருந்தாலும் இது வேலை செய்யட்டும். ஒன்றை மறக்காதீர்கள்: கேபிளை முழுதாக வெட்டினால் வெளிச்சைரனால் கத்த முடியாது, அதனால் வீட்டுக்குள் இன்னொரு சின்ன சைரன் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக பேட்டரி: 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட். சப்ளையிலிருந்து ஒரு ஷாட்கி டயோடும் 4.7 ஓம் 5 வாட் ரெசிஸ்டரும் வழியாக அது சார்ஜ் ஆகட்டும். சப்ளையிலிருந்து ஒன்று, பேட்டரியிலிருந்து ஒன்று என இன்னும் இரண்டு ஷாட்கி டயோடுகள் பேனலின் 12 வோல்ட் லைனில் சேரட்டும், மெயின் போனதும் இடைவெளியே இல்லாமல் பேட்டரி ஏற்றுக்கொள்ளும். பேட்டரி முனையை ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ். முழுதாக சார்ஜ் ஆனபின் பேட்டரி முனைகளில் 13.6 முதல் 13.8 வோல்ட் வரும்படி சப்ளையைத் திருகுங்கள்.

இப்போது மெயினை அணைத்து, சைரனை ஒரு நிமிடம் கத்தவிட்டு, மல்டிமீட்டரை பேட்டரி முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். தேய்ந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்டும், சைரன் கத்தியதும் சடாரென்று 11-க்குக் கீழே விழும். அப்படி விழுந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.